புது கெட்டிலில் பிளாஸ்டிக் வாடை: முதல் தடவை பயன்படுத்தும் முன்

போன மாதம் ஒன்றரை லிட்டர் மின்சார கெட்டில் ஒன்று வாங்கினேன். உள்ளே ஸ்டீல், மூடி பிளாஸ்டிக். மூடியைத் திறந்ததும் புதுச் செருப்பு டப்பாவைத் திறந்த மாதிரி ஒரு வாடை. மூடியிலும் ரப்பர் வளையத்திலும் தங்கியிருக்கும் ஆவியாகும் பொருட்கள்தான் இதற்குக் காரணம். போதாததற்கு, ஸ்டீலைப் பாலிஷ் செய்தபோது படிந்த எண்ணெய்ப் பிசுக்கும் கொஞ்சம் இருக்கும். இரண்டையும் இப்படிப் போக்கலாம்.

1. ஒட்டுத்தாள், பிளாஸ்டிக் உறை, ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். மூக்கு வடிகட்டிக்குப் பின்னாலும் எட்டிப் பாருங்கள். பாத்திரம் கழுவும் சோப்பைத் துளி தொட்ட ஈரத்துணியால் உள்ளே துடைத்து, தண்ணீர் விட்டு இரண்டு முறை அலசுங்கள். கெட்டிலையோ மின்தளத்தையோ தண்ணீரில் முக்கக் கூடாது.

2. அதிகபட்சக் கோடு வரை தண்ணீர் ஊற்றி, மூடியை மூடியே கொதிக்க விடுங்கள். வாடை வெளியேறட்டும் என்று திறந்து வைக்கத் தோன்றும். ஆனால் கெட்டில் தானாக நிற்பது ஆவி உள்ளே இருக்கும் சுவிட்சைத் தொடுவதால்தான். திறந்திருந்தால் அது நிற்காமல் கொதித்துக்கொண்டே இருக்கும். நின்றபின் பத்து நிமிடம் விட்டு, தண்ணீரைக் கொட்டுங்கள். இப்படி மூன்று முறை. என் கெட்டிலில் முதல் தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் மெல்லிய படலம் மிதந்தது. மூன்றாவதில் அது இல்லை, வாடை மட்டும் பாதி இருந்தது.

3. வாடை மிச்சமிருந்தால் சமையல் சோடா. பச்சைத் தண்ணீரில், லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி கரைத்து, பாதி கெட்டில் மட்டும் நிரப்பிக் கொதிக்க வையுங்கள். சுடுதண்ணீரில் கொட்டினால் நுரைத்துப் பொங்கும். அப்படியே இரவு முழுக்க விட்டு, காலையில் அலசி, வெறும் தண்ணீரை இரண்டு முறை கொதிக்க வைத்துக் கொட்டுங்கள். சுவரில் வெள்ளைக் கோடு தெரிந்தால் அது காய்ந்த சோடாதான், துடைத்தால் போய்விடும். உள்ளே அலுமினியம் என்றால் சோடா வேண்டாம், கறுத்துவிடும்.

சிலர் சோடாவோடு எலுமிச்சையும் பிழிவார்கள். நுரை அமர்க்களமாக வரும், ஆனால் ஒன்றை ஒன்று முறித்துவிடும், வேலை நடக்காது. வினிகர் அதன் வாடையையே விட்டுச் செல்லும், எனக்குப் பிடிக்காது.

காபி வடிக்கும் இயந்திரம் என்றால் தூளும் வடிதாளும் இல்லாமல் தொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றி மூன்று முறை ஓட விடுங்கள். அதில் சோடா போட வேண்டாம். கரையாத துகள் மெல்லிய குழாயை அடைத்துவிடும்.

4. மூடியைத் திறந்து வைத்து ஒரு நாள் காய விடுங்கள்.

அப்புறம் சோதனை. கெட்டிலில் கொதித்த தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரிலும், அதே தண்ணீரை ஸ்டீல் பாத்திரத்தில் கொதிக்க வைத்து இன்னொரு டம்ளரிலும் ஊற்றி, ஆறவிட்டு, எது எது என்று தெரியாத ஒருவரிடம் முகரக் கொடுங்கள். அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை என்றால் டீ போடலாம். இவ்வளவு செய்தும் ஒரு வாரம் கழித்துத் தண்ணீரிலேயே பிளாஸ்டிக் ருசி இருந்தாலோ, கருகிய வாடை வந்தாலோ, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.