பனி மேல் பழி போடும் மாதாந்திர அப்டேட்

கோத்தகிரியில் ஒரு சின்ன ஸ்டார்ட்அப் என்று வைத்துக்கொள்வோம். சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கி, பக்குவம் செய்து கஃபேக்களுக்கு அனுப்புகிறது. ஜனவரி முடிந்ததும் நிறுவனர் முதலீட்டாளர்களுக்கு எழுதுகிறார்: “அருமையான மாதம். தொடங்கியதிலிருந்து மொத்த விற்பனை 1 கோடியைத் தாண்டிவிட்டது. பனியால் லேசான தொய்வு. உங்கள் ஆதரவு தொடர்ந்து தேவை.”

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் மாதம் எப்படிப் போனது என்று படிப்பவருக்குத் தெரியாது. தொடக்கத்திலிருந்து கூட்டிய தொகை எவ்வளவு மோசமான மாதத்திலும் ஏறத்தான் செய்யும். மாத விற்பனை, போன மாதம் சொன்ன இலக்கு, போன மாத விற்பனை, இந்த மூன்றையும் ஒரே வரியில் போட்டால்தான் நிலவரம் புரியும்.

பனி விஷயம் இன்னும் மோசம். டிசம்பர், ஜனவரியில் நீலகிரியில் உறைபனி விழுவதும் இலை வரத்து குறைவதும் வருடா வருடம் நடப்பதுதான். தெரிந்த ஒன்றைக் காரணம் காட்டினால், “அப்புறம் ஏன் தயாராக இல்லை?” என்றுதான் அடுத்த கேள்வி வரும். அதற்கான பதிலைத்தான் மெயிலில் எழுத வேண்டும்.

கையிருப்புக் கணக்கிலும் ஒரு வழக்கமான தவறு உண்டு. வங்கியில் 31 லட்சம், கஃபேக்கள் தர வேண்டிய பாக்கி 7 லட்சம். இரண்டையும் கூட்டி, மாதம் நிகரமாகக் கரையும் 5 லட்சத்தால் வகுத்தால் ஏழரை மாதம் தாங்கும் என்று வரும். வராத பணத்தில் சம்பளம் போட முடியாது. கணக்கு ஆறு மாதம்தான். புது முதலீடு திரட்டவே பல மாதம் பிடிக்கும் என்பதால் இந்த ஒன்றரை மாத வித்தியாசம் சின்னதல்ல.

திருத்தி எழுதினால் இப்படி வரும்:

“ஜனவரி விற்பனை 8.4 லட்சம். இலக்கு 12 லட்சம், டிசம்பரில் 9.6 லட்சம். பனிக்கால இலைக்கு நவம்பரிலேயே விவசாயிகளிடம் பேசி வைக்காதது எங்கள் தவறு. இரண்டு பெங்களூரு கஃபேக்களுக்குச் சரக்கு அனுப்ப முடியவில்லை, ஒன்று விலகிவிட்டது. அடுத்த பனிக்காலத்துக்கான இலைக்கு இப்போதே 14 விவசாயிகளிடம் பேசி முடித்துவிட்டோம். வங்கியில் 31 லட்சம், ஆறு மாதம் தாங்கும். 7 லட்சம் பாக்கி இதில் சேரவில்லை. ஒரு உதவி: சென்னையில் ஐந்து கிளைக்கு மேல் உள்ள கஃபே நிறுவனங்களின் கொள்முதல் பொறுப்பாளர் யாரையாவது தெரியுமா? அப்படியே அனுப்பும்படி அறிமுகக் குறிப்பு கீழே இருக்கிறது.”

போன் திரையில் ஒரு தள்ளலில் படித்து முடித்துவிடலாம். “ஆதரவு தேவை” என்றால் யாரும் எதுவும் செய்ய மாட்டார்கள். இப்படிக் கேட்டால், தெரிந்தவர் அங்கேயே ஃபார்வர்ட் செய்துவிடுவார். பிப்ரவரி மெயிலில் அந்த அறிமுகம் என்ன ஆனது என்று ஒரு வரி எழுத வேண்டும், ஆர்டர் கிடைக்காவிட்டாலும் சரி.