NOT GIVEN-ஆ FALSE-ஆ: ரீடிங் பேப்பரில் ஒரு நிமிடத்தில் முடிவெடுப்பது எப்படி

ஐஈஎல்டிஎஸ் ரீடிங்கில் என் புள்ளிகளைத் தின்றது சொல்வளக் குறைவு இல்லை. ஒரு கூற்று பந்தியோடு ஒத்துப்போகிறதா, முரண்படுகிறதா, அதைப் பற்றிப் பந்தி எதுவும் சொல்லவில்லையா என்று தீர்மானிக்க வேண்டிய TRUE, FALSE, NOT GIVEN கேள்விகள்தான். முதல் தடவை எழுதியபோது இந்தக் கேள்விகளிலேயே நேரம் போய், கடைசிப் பந்தியைப் பாதிதான் பார்த்தேன். இரண்டாவது தடவைக்கு முன் திருகோணமலையில் வீட்டிலிருந்து மூன்று மாதம் இதை மட்டும் பழகினேன். அப்போது கைக்கு வந்த முறை இது.

நேரக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 60 நிமிடம், 3 பந்திகள், 40 கேள்விகள். லிசனிங் தாள் பரீட்சையில் விடைகளைப் பெயர்த்தெழுதத் தனி நேரம் தருவார்கள், ரீடிங்கில் தருவதில்லை. சராசரியாக ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடம் வரும். பந்தியை வாசிக்கும் நேரமும் அதற்குள் அடங்க வேண்டும் என்பதால், தீர்மானிக்க நான் ஒரு நிமிடம்தான் வைத்திருந்தேன்.

முதலில் கூற்றை வாசியுங்கள். அதில் பந்தி மறுக்கக்கூடிய சொல் எது என்று பாருங்கள்: எல்லாம், மட்டும், முதன்முதலாக, அதனால், அதைவிட. பெரும்பாலும் சிக்கல் அந்தச் சொல்லில்தான் இருக்கும். பிறகு பெயர், ஆண்டு, இடம் ஆகியவற்றைப் பிடித்துப் பந்தியில் உரிய இடத்துக்குப் போங்கள். இவ்வகைக் கேள்விகள் பந்தியின் ஒழுங்கிலேயே வரும். 4ஆம் கேள்வியின் இடமும் 6ஆம் கேள்வியின் இடமும் தெரிந்தால், 5ஐ அவற்றுக்கு நடுவில் தேடினால் போதும்.

அடுத்தது எதிர்க்கூற்றுச் சோதனை: கூற்றையும் அதைத் திருப்பிப் போட்ட எதிர்க்கூற்றையும் பந்தியோடு மோதவிட்டுப் பார்ப்பது. நான் தடுக்கி விழுந்தது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். பயிற்சிக்கு நானே எழுதிய பந்தி ஒன்று:

"1942 ஏப்ரல் 8ஆம் திகதி ஜப்பானியக் கப்பற்படை நெருங்குவது தெரியவந்ததும், திருகோணமலைத் துறைமுகத்தில் நின்ற பெரும்பாலான கப்பல்கள் கடலுக்குப் போகும்படி பணிக்கப்பட்டன. மறுநாள் காலை விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கின. முந்தைய இரவில் அங்கிருந்து புறப்பட்டிருந்த ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது."

கூற்று ஒன்று: வெளியேறிய கப்பல்கள் எல்லாம் தப்பின. "தப்பவில்லை" என்று பந்தி எங்கும் சொல்லவில்லை. ஆனால் ஹெர்மிஸ் வெளியேறியது, மூழ்கியது. இரண்டு வசனங்களைச் சேர்த்தால் கூற்று உடைகிறது. FALSE.

கூற்று இரண்டு: ஆபத்து வரக்கூடும் என்று அதிகாரிகள் முன்பே அறிந்திருந்தார்கள். இதைத் திருப்பிப் போட்டு, "அவர்களுக்கு எதுவும் தெரியாது" என்று பந்திக்குப் பக்கத்தில் வையுங்கள். முதல் வசனத்தோடு மோதுகிறது. எதிர்க்கூற்று மோதினால் மூலக்கூற்று TRUE.

கூற்று மூன்று: மூழ்கியபோது ஹெர்மிஸில் விமானங்கள் இருக்கவில்லை. எங்கள் ஊரில் அந்தக் கதை தெரிந்தவர்கள் உடனே TRUE போடுவார்கள், ஏனென்றால் வரலாற்றில் அது உண்மை. நானும் அப்படித்தான் போட்டுவந்தேன். இப்போது இரண்டு பக்கமும் சோதித்துப் பாருங்கள். "விமானங்கள் இருந்தன" என்று வைத்தாலும் பந்தி மறுக்காது, "இருக்கவில்லை" என்று வைத்தாலும் மறுக்காது. கூற்றும் எதிர்க்கூற்றும் பந்தியோடு மோதாமல் இருந்தால் NOT GIVEN. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த விடயத்தில் பந்தி வரும்போதுதான் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

உரிய இடத்தை இரண்டு தடவைக்கு மேல் வாசிக்காதீர்கள். மூன்றாம் தடவை வாசிக்கும்போது மனம் பந்தியில் இல்லாத காரணங்களைக் கட்டத் தொடங்கிவிடும். எனக்கு NOT GIVEN எல்லாம் FALSE ஆக மாறியது அந்த மூன்றாம் வாசிப்பில்தான். பிழையான விடைக்குப் புள்ளி குறைப்பதில்லை, ஆகவே அந்த நேரத்தில் சரியென்று படுவதை எழுதி, கேள்வி இலக்கத்தில் அடையாளமிட்டு நகருங்கள்.

பழகுவதற்கு ஃபோன் டைமர் வேண்டாம், சுவர் மணிக்கூட்டை வையுங்கள். அடிக்கடி நிமிர்ந்து நேரம் பார்க்கும் பழக்கம் பரீட்சை அறையில் உதவும். தாளில் எழுதுபவர்கள் பென்சிலால் ஒரு சொல்லுக்கு மட்டும் கோடு போடுங்கள். முழு வசனத்துக்கும் கோடிட்டால் எதைத் தேடினோம் என்பதே தெரியாமல் போகும்.

பின்சேர்க்கை: கிண்ணியாவிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தா: "'துறைமுகத்தில் ஒரு கப்பலும் நிற்கவில்லை' என்று கூற்று வந்தால் NOT GIVEN தானே அண்ணா?" இல்லை தங்கச்சி, FALSE. "பெரும்பாலான" என்ற சொல்லிலேயே சில கப்பல்கள் நின்றன என்பது அடங்கியிருக்கிறது. அளவைச் சொல்லும் சொற்களை மட்டும் எதிர்க்கூற்றுச் சோதனைக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

இன்னொருவர் YES, NO, NOT GIVEN பற்றிக் கேட்டார். சோதனை அதேதான், ஆனால் அங்கே மோத வேண்டியது எழுத்தாளரின் கருத்தோடு. எழுத்தாளர் வேறொருவரின் கருத்தை எடுத்துச் சொல்லும் வசனத்தில் விடை தேடி இரண்டு புள்ளி இழந்திருந்தார் அவர். அந்தக் கேள்விகளில் முதலில் "இதைச் சொல்வது யார்?" என்று பார்த்துவிட்டுத்தான் நான் சோதனைக்குப் போவேன்.