பிரிட்டனில் வாடகைக் கார் ஓட்டப் போகிறீர்களா? கைப்பேசியை முதலில் மைலுக்கு மாற்றுங்கள்

சுங்கை சிப்புட்டில் விமானச் சீட்டு எடுத்துத் தரும் தொழிலில் இருப்பவன் என்பதால், பிள்ளையின் பட்டமளிப்பு விழாவுக்காக இங்கிலாந்து புறப்படும் பெற்றோர் பலரை ஆண்டுதோறும் சந்திக்கிறேன். அங்கே வாடகைக் கார் எடுத்து நானும் பல முறை ஓட்டியிருக்கிறேன். முதன்முறை போகிறவர்கள் திரும்பி வந்து சொல்லும் சங்கடங்கள் பெரும்பாலும் ஒரே வகையாக இருக்கின்றன. வண்டியை எடுக்கும்போது கீறல்களைப் படம் எடுத்துக்கொள்வது, பெட்ரோல் நிரப்பித் திருப்பித் தருவது ஆகியவற்றை வாடகைக் கடையிலேயே சொல்லிவிடுவார்கள். ஆகவே அவற்றை விட்டுவிட்டு, யாரும் சொல்லாத ஒன்றையே இங்கே விரிவாக எழுதுகிறேன்.

செயலியைக் கிலோமீட்டரிலேயே விட்டுவிடுதல்

இங்கிலாந்தில் நம்மைப் போலவே இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், ஸ்டீயரிங்கும் வலப்பக்கம்தான். அதனால் பிளஸ் நெடுஞ்சாலையில் ஆண்டுக்கணக்காக ஓட்டியவர்களுக்கு அந்த ஊர்ச் சாலை உடனே பழக்கப்பட்டதுபோல் தோன்றிவிடுகிறது. ஆனால் அங்கே வேகப் பலகையும் தூரப் பலகையும் காரின் வேகமானியும் மைலில் இருக்கின்றன. வேகப் பலகையில் சிவப்பு வட்டத்துக்குள் வெறும் எண் மட்டுமே இருக்கும். அது மைல் என்று எழுதப்பட்டிருக்காது. நம் ஊரில் 110 என்று எழுதியிருந்தால் கிலோமீட்டர் என்று நமக்குத் தெரிவதுபோல, 70 என்றால் மணிக்கு 70 மைல் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இந்நிலையில், "பழகிய கணக்கே இருக்கட்டும்" என்று வரைபடச் செயலியைக் கிலோமீட்டரில் பூட்டிவைத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றளவும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. வசதிக்காகச் செய்வதாக அவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில், பலகை ஒரு கணக்கிலும் கைப்பேசி வேறொரு கணக்கிலும் பேச, இரண்டையும் ஒப்பிடும் வேலையை வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே தங்கள் தலையில் ஏற்றிக்கொள்கிறார்கள்.

என் வாடிக்கையாளர் ஒருவர், நிதானமாக ஓட்டக்கூடிய மனிதர், ஹீத்ரோ விமான நிலையத்தில் கார் எடுத்து லெஸ்டருக்குப் போனார். எம்25 சாலையில் ஏறி, பிறகு எம்1 சாலையில் வடக்கே போய், 21ஆம் சந்திப்பில் வெளியேற வேண்டும். ஏறத்தாழ நூறு மைல். புறப்படும் முன் அவருடைய மருமகன் செயலியைக் கிலோமீட்டருக்கு மாற்றிக் கொடுத்திருந்தார். சாலைப் பணி நடந்த ஓர் இடத்தில் 50 என்ற பலகை வந்தது. கைப்பேசித் திரையில் அவருடைய வேகம் 80 என்று காட்டியது. வரம்பைவிட 30 கூடுதலாகப் போகிறோம் என்று பதறிப் பிரேக்கை அழுத்தி, திரையில் 50 வரும்வரை வேகத்தைக் குறைத்தார். மணிக்கு 50 மைல் என்பது 80 கிலோமீட்டர். அதாவது அவர் சரியான வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தார். குறைத்த பிறகு அவர் போனது மணிக்கு 31 மைல். பின்னால் வந்த லாரி எவ்வளவு நெருக்கத்தில் நின்றது என்பதை அவர் மனைவிதான் என்னிடம் சொன்னார்.

அதைவிட மோசமானது அடுத்து நடந்தது. விஷயம் புரிந்ததும் அவர் மனக்கணக்குப் போடத் தொடங்கினார். லெஸ்டரை நெருங்கும்போது 40 என்ற பலகை வந்தது. அதை 1.6ஆல் பெருக்கி, 64 கிலோமீட்டர் என்று சரியாகவே கணக்கிட்டார். ஆனால் கண் கைப்பேசிக்குப் போகாமல், நாற்பது ஆண்டுப் பழக்கத்தில் காரின் வேகமானிக்குப் போனது. அந்த முள்ளை 60 வரை ஏற்றினார். அது மைல் காட்டும் முள். ஆக, 40 மைல் சாலையில் அவர் 60 மைல் வேகத்தில் போயிருக்கிறார். நம் கணக்கில் 97 கிலோமீட்டர். வேகக் கேமரா படம் எடுத்துவிட்டது.

அப்படிப் படமானால், கடிதம் முதலில் காரின் உரிமையாளராகிய வாடகை நிறுவனத்துக்குப் போகும். அந்நிறுவனம் வண்டியை எடுத்தவரின் பெயரையும் முகவரியையும் எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த வேலைக்கென்று ஒரு கட்டணத்தை அவருடைய கடன் அட்டையில் பிடித்துக்கொள்ளும். அபராதம் அதற்கு மேல் தனி. குறைந்தபட்சம் 100 பவுண்டு. வேகம் மிகக் கூடுதலாக இருந்தால் வழக்கு நீதிமன்றத்துக்கே போகலாம்.

வெளியேறும் வழிகளிலும் இதே குழப்பம் வரும். அங்கே நெடுஞ்சாலைப் பலகைகளில் 1 m என்றும் ½ m என்றும் போட்டிருப்பார்கள். அந்த m மைலைக் குறிப்பது. மீட்டர் என்று நாம் வாசித்துவிடக் கூடாது. வழக்கமாக ஒரு மைலுக்கு முன்னால் ஒரு பலகையும் அரை மைலுக்கு முன்னால் ஒரு பலகையும் வரும். அதன் பிறகு மூன்று, இரண்டு, ஒன்று எனச் சாய்கோடுகள் போட்ட சிறு நீலப் பலகைகள் 300, 200, 100 கஜத்தில் வரும். செயலி மைலில் இருந்தால் "அரை மைலில் வெளியேறுங்கள்" என்ற குரலும் ½ m பலகையும் ஒரே நேரத்தில் ஒன்றையொன்று உறுதிப்படுத்தும். கிலோமீட்டரில் இருந்தால் குரல் 800 மீட்டர் என்று சொல்லும். பலகையோ அரை என்று சொல்லும். இது வேறு சந்திப்போ என்ற ஐயம் எழுவதற்குள் வெளியேறும் தடம் கடந்துவிடும்.

மாற்றுவது எளிது. கூகுள் மேப்ஸில் உங்கள் படத்தைத் தொட்டு Settings சென்று, Distance units என்பதில் Miles என்று வையுங்கள். வேஸில் Settings, General, Units என்று போக வேண்டும். பிறகு ஹீத்ரோவிலிருந்து லெஸ்டருக்கு வழி கேட்டுப் பாருங்கள். தூரம் நூறை ஒட்டி வந்தால் மாறிவிட்டது என்று பொருள். நூற்று அறுபதுக்கு மேல் வந்தால் இன்னும் கிலோமீட்டரில்தான் இருக்கிறது. வண்டி கையில் வந்ததும், வாடகைக் கடையின் வளாகத்துக்குள்ளேயே மெதுவாக ஒரு சுற்று ஓட்டி, வேகமானியில் பெரிய எண்கள் மைலைத்தான் காட்டுகின்றனவா என்று பாருங்கள். எண்களாகக் காட்டும் புதிய வண்டிகளில், முன்பு எடுத்தவர் அதைக் கிலோமீட்டருக்கு மாற்றிவைத்திருக்கவும் கூடும். பலகை, வேகமானி, கைப்பேசி மூன்றும் ஒரே கணக்கில் இருந்தால் பெருக்கவே தேவையில்லை. வேகமானியின் எண் பலகையின் எண்ணைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

குறுகிய தூரங்களைச் செயலி கஜத்திலோ அடியிலோ சொல்லலாம். கஜத்தை ஏறக்குறைய மீட்டராகவே கொள்ளுங்கள். அடியாக இருந்தால் மூன்றால் வகுங்கள்.

மலேசிய லைசென்ஸ் மட்டும் போதும் என்று நம்புதல்

ஜே.பி.ஜே.யில் அனைத்துலக ஓட்டுநர் அனுமதியையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

கைப்பேசியைக் கையில் பிடித்தல்

200 பவுண்டு அபராதம். தாங்கியை இங்கிருந்தே வாங்கிச் செல்லுங்கள்.

வேல்ஸில் 30 என்று எண்ணி ஓட்டுதல்

2023 செப்டம்பர் முதல் அங்கே தெருவிளக்குள்ள குடியிருப்புச் சாலைகளில் பெரும்பாலும் 20 மைல்தான்.

அயர்லாந்து எல்லையை மறத்தல்

பெல்ஃபாஸ்டில் கார் எடுத்து டப்ளினுக்குப் போகிறவர்களுக்கு மேலே சொன்ன சிக்கல் தலைகீழாக வரும். வட அயர்லாந்து பிரிட்டனைச் சேர்ந்தது, அங்கே மைல். அயர்லாந்து குடியரசு 2005 ஜனவரியில் வேக வரம்புகளைக் கிலோமீட்டருக்கு மாற்றிவிட்டது. எல்லையில் தடுப்போ சோதனைச் சாவடியோ இருக்காது. சாலை தொடர்ந்து ஓடிக்கொண்டே இருக்கும், பலகைகள் மட்டும் மாறும். குடியரசின் பலகைகளில் எண்ணுக்குக் கீழே km/h என்று எழுதியிருப்பார்கள். டப்ளின் செல்லும் நெடுஞ்சாலையில் 120 என்று வரும்போது, பெல்ஃபாஸ்ட் காரின் வேகமானியில் நீங்கள் பிடிக்க வேண்டிய எண் 74தான். இந்தப் பயணத்துக்கு மட்டும், வேகமானியின் உள்வட்டத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் கிலோமீட்டர் எண்களைப் பாருங்கள். எண்களாகக் காட்டும் வேகமானியாக இருந்தால், எல்லைக்கு முன் ஓரிடத்தில் வண்டியை நிறுத்தி, அதையும் செயலியையும் சேர்த்துக் கிலோமீட்டருக்கு மாற்றிக்கொண்டு ஓட்டுங்கள். எல்லை தாண்டலாமா என்பதை வாடகைக் கடையில் முன்கூட்டியே கேட்டு, ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.