டிஸ்கிரிப்ஷனில் பார்முலா சேவ் ஆகாதபோது

என் யூடியூப் வீடியோவின் “எக்செல் பார்முலா பாடம்” என்ற பழைய தலைப்பை எடுத்துவிட்டேன். திருப்பூர் பனியன் கம்பெனியில் கணக்கு பார்ப்பவர் அப்படியா தேடுவார்? புதுத் தலைப்பு: “30 நாள் தாண்டிய பில் எது? ஒரே IF பார்முலா”. யூடியூப் 100 எழுத்து வரை விடும். ஆனால் போனில் முன்பாதிதான் தெரியும், அதனால் வேலையின் பெயர் முதலில்.

சிக்கல் டிஸ்கிரிப்ஷனில்தான். `C2>30` இருந்ததால் சேவ் ஆகவில்லை. யூடியூபில் தலைப்பிலும் விவரத்திலும் `<`, `>` குறிகளுக்கு இடமில்லை. குறியே இல்லாமல் மாற்றி எழுதினேன்:

```
=IF(MAX(C2,30)=30,"","பாக்கி")
```

C2-வில் பில் போட்டு ஆன நாள். 45 என்றால் MAX 45 தரும், 30 இல்லை, எனவே “பாக்கி”. 30 என்றால் காலி. வேர்டிலிருந்து ஒட்டாதீங்க; மேற்கோள் குறி வளைந்துபோய், காப்பி பண்ணுகிறவருக்கு பார்முலா வேலை செய்யாது.