குறளை ஆங்கிலமாக்கும்போது செய்யக்கூடாத சில தவறுகள்

இன்னாசெய் தாரை ஒறுத்தல் அவர்நாண
நன்னயம் செய்து விடல்.

314-ஆம் குறள். பள்ளியிலேயே மனப்பாடம் செய்ததால், மொழிபெயர்க்க எளிது என்று பலரும் இதைத்தான் முதலில் எடுக்கிறார்கள். எடுத்ததும் 'தீமை செய்தவருக்கு நன்மை செய்' என்ற கருத்தை ஆங்கில வாக்கியத்தின் தலையிலேயே வைத்துவிடுகிறார்கள். பெரிய தவறு இதுதான்.

சொற்கள் வரும் வரிசையைப் பாருங்கள். முதலில் 'ஒறுத்தல்', அதாவது தண்டனை. அடுத்து, அவர் வெட்கப்பட வேண்டும். முதல் அடி இங்கே முடிகிறது. இதுவரை கேட்டவருக்கு இது பழிவாங்கும் பேச்சாகவே படும். இரண்டாம் அடியில் 'நன்னயம்' வந்த பிறகே எல்லாம் திரும்புகிறது. அதனால் ஆங்கிலத்திலும் 'பனிஷ்' முதலில் வரட்டும், 'அஷேம்ட்' முதல் வரியின் கடைசியில் நிற்கட்டும், நன்மை அடுத்த வரிக்குக் காத்திருக்கட்டும். 'ஹ்யூமிலியேட்' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். அது நாம் அவரை அவமானப்படுத்துவது. குறளில் நாணுவது அவர்.

அடுத்தது இயைபு மோகம். குறளின் ஓசை அடியின் தொடக்கத்தில், 'இன்னா – நன்ன' என்ற எதுகையில் இருக்கிறது. அதை ஆங்கில வரிகளின் கடைசியில் தேடினால் இல்லாத சொற்கள் உள்ளே வரும். ஜி.யு.போப் 1886-இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பில் இந்தக் குறள் 'ப்ளை', 'பை' என்று இயைந்து முடிகிறது. மூலத்தில் இல்லாத 'ஸோல்ஸ்' என்ற சொல்லும் நுழைந்திருக்கிறது. நன்மையும் வெட்கத்துக்கு முன்பாகவே வந்துவிடுகிறது. போப்பின் உழைப்பின்மேல் எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆனாலும் இயைபுக்குக் கொடுத்த விலை இங்கே அதிகம்.

உரையை மூலத்துக்குள் திணிப்பது இன்னொன்று. 'செய்து விடல்' என்பதைச் 'செய்துவிடுதல்' என்று ஒரே வினையாகக் கொள்ளலாம். பரிமேலழகரோ, நன்மையைச் செய்து, அவர் செய்த தீமை, தாம் செய்த நன்மை இரண்டையும் மறத்தல் என்கிறார். மறக்காவிட்டால் அது மீண்டும் வந்து கிளைக்கும் என்று காரணமும் சொல்கிறார். அருமையான விளக்கம்தான். ஆனால் 'மற' என்ற சொல் குறளில் இல்லை. எனவே அதை ஈரடிக்குள் நுழைக்காமல் குறிப்பில் தாருங்கள்.

குறிப்பு எழுதும்போது வள்ளுவர் வரலாறு, 1330 குறள், 133 அதிகாரம் என்று தொடங்க வேண்டாம். பொதுவாசகருக்கு மூன்று வாக்கியம் போதும். இந்தக் குறளுக்கு நான் எழுதுவது இப்படி இருக்கும்:

"இக்குறள் துறவறவியலில், பிறருக்குத் தீங்கு செய்யாமை பற்றிய அதிகாரத்தில் வருகிறது. தண்டனையைப் பற்றிப் பேசத் தொடங்கி, கடைசியில்தான் அந்தத் தண்டனை நன்மை செய்வதே என்கிறது. இறுதிச் சொல்லுக்கு 'இரண்டையும் மறந்துவிடுதல்' என்று பழைய உரையாசிரியர் பரிமேலழகர் பொருள் கொள்கிறார்."