கம்யூட்டேஷன் வாங்கலாமா? ஒரு சின்னக் கணக்கு

மத்திய அரசு வேலையில் 60 வயதில் ஓய்வு பெறுகிறவர்கள் பென்ஷனில் 40 சதவீதம் வரை விட்டுக்கொடுத்து மொத்தமாகப் பணம் வாங்கலாம், விட்ட தொகை 15 வருஷம் கழித்துத் திரும்ப வரும். அடிப்படைப் பென்ஷன் 40,000 என்றால் மாதம் 16,000 குறையும். கைக்கு வருவது 16,000 × 12 × 8.194, அதாவது சுமார் 15.73 லட்சம். இதில் 8.194 என்பது அந்த வயதுக்கு அரசு வைத்திருக்கும் கம்யூட்டேஷன் காரணி.

பலர் 16,000-ஐ 180 மாதத்தால் பெருக்கி, 28.8 லட்சம் போகிறதே என்று பதறுகிறார்கள். 15 வருஷம் கழித்து வரும் ரூபாயும் இன்றைய ரூபாயும் ஒன்றா? எக்ஸெலில் இதைப் போடுங்கள்:

```
=PV(7%/12,180,-16000)
```

பணத்தை 7 சதவீத வட்டியில்தான் போடுவீர்கள் என்றால், இழப்பதன் இன்றைய மதிப்பு சுமார் 17.8 லட்சம் வரும், அப்போது பென்ஷனை விடாதீர்கள். வட்டியை 9 சதவீதத்துக்குச் சற்று மேலே ஏற்றினால்தான் இரண்டும் சமமாகும், ஆகவே அதைவிட அதிக வட்டிக்குக் கடன் இருந்தால் மொத்தமாக வாங்கி அடைப்பதே லாபம்.

வருமான வரியையும் மறக்கக் கூடாது, கணக்கே மாறிவிடும். மொத்தத் தொகைக்கு வரி கிடையாது, மாதப் பென்ஷனுக்கு உண்டு. 20 சதவீத வரம்பில் இருப்பவருக்கு செஸ் போக 16,000-இல் கையில் நிற்பது 12,672தான், வட்டியும் வரி போக 5.5 சதவீதம் ஆகிவிடும். அதைப் போட்டுப் பார்த்தால் சுமார் 15.5 லட்சம், கிட்டத்தட்ட சமம்.

அப்புறம் அகவிலை நிவாரணம் முழுப் பென்ஷனுக்கே கணக்கிடப்படும், குடும்பப் பென்ஷனும் குறையாது. இடையில் இறந்தால் மீதியைக் குடும்பத்திடம் பிடிக்கவும் மாட்டார்கள், அதனால் உடல்நிலை சரியில்லாதவர் யோசிக்காமல் வாங்கிவிடலாம்.