ஜெர்மனியில் முந்திரி ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு எதை வாங்கலாம்?

பாக்கெட்டின் பின்பக்கம் ‘Zutaten’ (சூட்டாட்டன்) என்ற சொல்லைத் தேடுங்கள். உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியல் அங்கேதான் தொடங்கும். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி 14 வகை ஒவ்வாமைப் பொருட்கள் அந்தப் பட்டியலிலேயே பளிச்சென்று தெரிய வேண்டும். பெரும்பாலும் தடித்த எழுத்தில் இருக்கும். போன் கேமராவில் மொழிபெயர்த்தால் அந்தத் தடிப்பு காணாமல் போகலாம், அதனால் அசல் எழுத்தையும் பாருங்கள்.

நிலக்கடலை, அதாவது ‘Erdnuss’ என்று எழுதப்படும் ‘எர்ட்னுஸ்’, அந்த 14-இல் ஒரு தனி வகை. முந்திரி, பிஸ்தா, பாதாம், ஹேசல்நட், வால்நட் போன்றவை ‘Schalenfrüchte’ என்று எழுதப்படும் ‘ஷாலன்ஃப்ருஷ்ட’ என்ற இன்னொரு வகை. பட்டியலில் எந்தப் பருப்பு என்று பெயர் சொல்லியாக வேண்டும். முந்திரிக்குப் பெரும்பாலும் ‘Cashew’ என்றும், சில சமயம் ‘Kaschu’ என்றும் எழுதுவார்கள். தேங்காய் இந்த 14-இல் இல்லை, எனவே தடித்த எழுத்தில் வராது.

இதுவரை சுலபம். சிக்கல் பட்டியலுக்குக் கீழே வரும் ‘Spuren’, அதாவது ‘ஷ்பூரன்’ வரியில்தான். ‘இன்னின்னவற்றின் தடயம் இருக்கலாம்’ என்று சொல்லும் வரி அது. அதை அச்சிடுவது கட்டாயமில்லை, நிறுவனத்தின் விருப்பம். ஆகவே அந்த வரி இல்லை என்பதாலேயே பாக்கெட் பாதுகாப்பானது என்று ஆகிவிடாது.

ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துக்கொள்வோம். குழந்தைக்கு முந்திரி ஆகாது. முந்திரி ஆகாதவர்களுக்குப் பிஸ்தாவும் பெரும்பாலும் ஆகாது. பட்டியலில் கோதுமையும் பாலும்தான் தடித்திருக்கின்றன. கீழே ‘ஷாலன்ஃப்ருஷ்ட’ தடயம் இருக்கலாம் என்கிறது, எந்தப் பருப்பு என்று சொல்லவில்லை. அப்படியென்றால் முந்திரியும் உண்டு என்றே எடுத்துக்கொண்டு திரும்ப வைத்துவிடுவேன். தடய வரி உள்ளதைக் கொடுக்கலாமா என்பதை ஒவ்வாமை மருத்துவர்தான் அந்தக் குழந்தையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சரி, பக்கத்தில் அந்த வரியே இல்லாத பிஸ்கட் இருக்கிறதே? அதன் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதி, ‘இதே இயந்திரத்தில் முந்திரி, பிஸ்தா ஓடுகிறதா? நடுவில் எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள்?’ என்று கேளுங்கள். பதில் வரும்வரை கொடுக்க வேண்டாம். பதில் நல்லபடியாக வந்து வாங்கத் தொடங்கிய பிறகும் ஒவ்வொரு முறையும் பட்டியலைப் படியுங்கள். அதே உறைக்குள் செய்முறை மாறிவிடும்.

ஜெர்மனியில் உள்ள நம் ஊர்க் கடைகளில் விற்கும் மிக்சர், இனிப்பு பாக்கெட்டுகளில் மேலே ஜெர்மன் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். ஸ்டிக்கரும் அடியில் உள்ள அச்சும் வேறுவேறாக இருந்தால், முந்திரி உண்டு என்று எது சொல்கிறதோ அதை நம்புங்கள்.

பேக்கரியிலும் உணவகத்திலும் ஒவ்வாமை விவரத்தைக் கேட்டால் தர வேண்டும் என்பது சட்டம். மெனுவில் A, H என்று எழுத்துக் குறிகள் இருக்கும். அவை கடைக்குக் கடை மாறும், அடியில் உள்ள விளக்கத்தைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். இந்திய உணவகத்தில் குறியை மட்டும் நம்பாதீர்கள். குருமாவிலும் பட்டர் மசாலாவிலும் முந்திரி விழுது கரைந்தே போயிருக்கும், ஒரே கரண்டி பல சட்டிகளுக்குள் போய் வரும். சமையலறையில் உள்ளவரிடமே கேளுங்கள்; அவர் தயங்கினால் குழந்தைக்கு வீட்டிலிருந்து கொண்டுபோனதையே கொடுங்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்த அட்ரினலின் பேனா அப்போதும் பையில் இருக்கட்டும். மூச்சுத் திணறினால் அந்தப் பேனாவால் குழந்தைக்கு ஊசி செலுத்திவிட்டு உடனே 112-ஐ அழையுங்கள்.